ரிசல்ட்ஸில் காரணம் எழுதலாமா? ஒரு தேன் ஆய்வை வைத்து ஒரு பதில்

கேள்வி: சார், எம்.எஸ்சி. விலங்கியல் ஆய்வேட்டுக்காக மார்த்தாண்டம் பக்கத்தில் 40 தேன் மாதிரிகளின் ஈரப்பதத்தை அளந்தேன். குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் தோட்டத்துப் பெட்டிகள் 20. இரணியல் பக்கம் தென்னை, பலா, புளி கலந்த தோட்டத்துப் பெட்டிகள் 20. என் கைடு ரிசல்ட்ஸ் அத்தியாயத்தைத் திருப்பிக் கொடுத்து, "இதில் பாதி டிஸ்கஷன்" என்று எழுதியிருக்கிறார். காரணம் சொல்லாமல் வெறும் எண்ணை எழுதினால் படிப்பவருக்கு என்ன புரியும்? இரண்டுக்கும் உண்மையில் என்ன வித்தியாசம்? ஒரு பத்தியையும் என் அட்டவணையையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

உங்கள் பத்தியை முதலில் அப்படியே இங்கே எடுத்து வைக்கிறேன். "ரப்பர் இலைச் சுரப்பிகளில் ஊறும் மதுரம் நீர்த்தன்மை மிகுந்தது என்பதால், ரப்பர் தோட்டத் தேனின் ஈரப்பதம் வெகுவாக உயர்ந்து 22.6 சதவீதமாக இருந்தது. கலந்த தோட்டங்களில் பல வகைப் பூக்கள் இருப்பதால் ஈரப்பதம் 20.8 சதவீதமாகக் குறைந்தது. எனவே ரப்பர் தேன் தரம் குறைந்தது எனத் தெரிகிறது."

மூன்று வாக்கியங்கள். இவற்றில் நீங்கள் கண்ணால் கண்டது, கருவியில் அளந்தது எவ்வளவு என்று பாருங்கள். 22.6, 20.8 என்ற இரண்டு எண்கள் மட்டும்தான். மதுரத்தின் நீர்த்தன்மையை நீங்கள் அளக்கவில்லை. கலந்த தோட்டத்தில் தேனீ எந்தெந்தப் பூவுக்குப் போனது என்று மகரந்தத்தை எடுத்துப் பார்க்கவில்லை. "தரம்" என்பதற்கு ஒரு வரையறையும் கொடுக்கவில்லை. ஆனால் வாக்கியம் அமைந்திருக்கும் விதத்தில், படிப்பவர் இவை எல்லாவற்றையும் நீங்கள் கண்டுபிடித்ததாகவே எடுத்துக்கொள்வார். உங்கள் கைடு சுழித்திருப்பது இதைத்தான்.

நம் மொழியிலேயே இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ரிசல்ட்ஸ் என்பதைத் தமிழில் "முடிவுகள்" என்கிறோம். ஆராய்ந்து பார்த்து "இதுதான் காரணம்" என்று ஒரு கருத்துக்கு வருவதையும் "முடிவுக்கு வந்தேன்" என்றுதான் சொல்கிறோம். அளவீட்டில் கிடைத்ததும் மனதில் தீர்மானித்ததும் ஒரே சொல்லுக்குள் உட்கார்ந்திருப்பதால், அத்தியாயத்தை எழுதும்போதும் இரண்டும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. அதனால் இந்தப் பதில் முழுக்க ரிசல்ட்ஸ், டிஸ்கஷன் என்றே எழுதுகிறேன்.

சரி, இப்போது உங்கள் அட்டவணைக்கு வருகிறேன். நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது அதன் கடைசி நெடுவரிசையை. முந்தைய தேன் எடுப்புக்கும் இந்த மாதிரி எடுத்ததற்கும் இடையே எத்தனை நாள் என்று ஒவ்வொரு பெட்டிக்கும் குறித்திருக்கிறீர்கள். நல்ல வேலை. பலர் இதைக் கேட்டு வைப்பதே இல்லை. ஆனால் உங்கள் ரிசல்ட்ஸ் அத்தியாயத்தில் இந்த நெடுவரிசையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அதில் என்ன இருக்கிறது? ரப்பர் தோட்டத்து 20 பெட்டிகளில் 16 பெட்டிகளில் 6 அல்லது 7 நாளுக்கு ஒரு முறை தேன் எடுத்திருக்கிறார்கள். மீதி 4 பெட்டிகளில் மட்டும் இடைவெளி 10 நாளுக்கு மேல். கலந்த தோட்டத்து 20 பெட்டிகளிலும் இடைவெளி 10 முதல் 14 நாள். உங்கள் எண்களை வைத்து நானே கூட்டிப் பார்த்தேன். ரப்பர் தோட்டத்தில் சீக்கிரம் எடுத்த 16 பெட்டிகளின் சராசரி ஈரப்பதம் 23.0 சதவீதம். தாமதித்து எடுத்த 4 பெட்டிகளின் சராசரி 21.0. அந்த நான்கும் கலந்த தோட்டத்தின் 20.8க்கு மிக அருகில் வந்துவிடுகின்றன.

இது ஏன் முக்கியம் என்று நம் ஊர்த் தேனீ வளர்ப்பவர் யாரைக் கேட்டாலும் சொல்வார். டிசம்பர், ஜனவரியில் ரப்பர் இலை உதிர்ந்து, புதுத் தளிர் விட்டு இலை முற்றும் நேரத்தில், மூன்று சிற்றிலைகள் காம்பில் சேரும் இடத்திலுள்ள சுரப்பிகளில் மதுரம் ஊறும். பூவிலிருந்து வருவதல்ல இது, இலையிலிருந்து வருவது. அந்தச் சில வாரங்கள்தான் நம் பக்கத்துப் பெரிய தேன் பருவம். பெட்டி வேகமாக நிறையும், நிறைந்ததும் எடுப்பார்கள். எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் முப்பது பெட்டி வைத்திருக்கிறார். "மேல்தட்டு நெறஞ்சா அன்னைக்கே எடுத்திரணும், அடுத்த தேனுக்கு எடம் வேண்டாமா?" என்பார். அப்படி எடுக்கும் அடையில் பாதி அறைகளுக்கு மெழுகு மூடி விழுந்திருக்காது. தேனீ கொண்டுவந்த மதுரத்தைச் சிறகால் விசிறி, நீரை ஆவியாக்கி, பதம் வந்தபின்தான் அறையை மூடும். மூடாத அறைத் தேனில் நீர் அதிகம் இருப்பது இயல்பு.

ஆக, ரப்பர் தேனில் ஈரப்பதம் அதிகமாக இருந்ததற்கு இப்போது இரண்டு விளக்கங்கள் நிற்கின்றன. ஒன்று, மதுரத்தின் தன்மை. இன்னொன்று, பதம் வருமுன் எடுத்தது. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். உங்கள் தரவில் இவை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ரப்பர் தோட்டம் என்றால் பெரும்பாலும் சீக்கிரம் எடுத்தது, கலந்த தோட்டம் என்றால் எல்லாமே தாமதித்து எடுத்தது. எது எவ்வளவு என்று இந்த 40 மாதிரியை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

நீங்கள் வேண்டுமென்றே எதையும் மறைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நடந்தது வேறு. "மதுரத்தின் நீர்த்தன்மை" என்ற காரணத்தை முதல் வரியிலேயே எழுதிவிட்டீர்கள். அந்தக் காரணத்துக்கு எடுப்பு இடைவெளி தேவைப்படவில்லை. தேவைப்படாததால் அது அத்தியாயத்துக்குள் வரவில்லை. ரிசல்ட்ஸில் விளக்கம் நுழைந்தால் வரும் பெரிய கேடு இதுதான் என்பேன். எந்த எண் அத்தியாயத்துக்குள் வரலாம், எது வெளியே நிற்கட்டும் என்று அந்த விளக்கமே தீர்மானிக்கத் தொடங்கிவிடுகிறது. எழுதுபவருக்கே அது தெரியாது. படிப்பவருக்குத் தெரிய வழியே இல்லை, ஏனென்றால் விடுபட்ட நெடுவரிசை அவர் கண்ணில் படுவதேயில்லை. ரிசல்ட்ஸை விளக்கமின்றி முதலில் எழுதியிருந்தால், அட்டவணையில் உள்ள ஒவ்வொரு நெடுவரிசையையும் பற்றி ஒரு வரியாவது சொல்லியாக வேண்டியிருக்கும். இடைவெளி நெடுவரிசை அப்போதே உங்களை நிறுத்திக் கேள்வி கேட்டிருக்கும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். 1991, 92ஆம் ஆண்டுகளில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் நம் பக்கத்துத் தேனீக்களை அழித்துக்கொண்டிருந்தபோது நான் மாணவன். விளவங்கோடு பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பெட்டிகளைத் திறந்து பார்த்து எண்ணினேன். என் ரிசல்ட்ஸ் அட்டவணையில் ஒரு நெடுவரிசைக்கு "நோயால் அழிந்த கூட்டங்கள்" என்று தலைப்புப் போட்டேன். நான் உண்மையில் பார்த்தது காலிப் பெட்டிகளை. சில பெட்டிகளில் செத்த புழுக்கள் பை போல உப்பி, தலை மேல்நோக்கி அறையில் கிடந்தன. அவற்றை நோய் என்று சொல்ல ஆதாரம் இருந்தது. மற்றவற்றில் தேனீ இல்லை, புழு இல்லை, வெறும் அடை மட்டும். இந்தியத் தேனீ தீனி குறைந்தாலும், எறும்பு தொந்தரவு செய்தாலும் பெட்டியை விட்டு ஓடிவிடும். ஓடிப்போனதையும் செத்ததையும் ஒரே நெடுவரிசையில் போட்டுக் கூட்டிவிட்டேன். சில வருடம் கழித்து ஒருவர், எத்தனை பெட்டிகளில் நோயின் அடையாளம் இருந்தது, எத்தனை வெறுமனே காலியாக இருந்தன என்று கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. களக் குறிப்பேடு அதற்குள் போய்விட்டது. ஆய்வேட்டில் இருந்ததோ நான் ஏற்கெனவே விளக்கம் பூசிய எண். அந்தக் காலத்தை மறுபடி போய் எண்ணவும் முடியாது. இன்றும் எனக்கு அதில் வருத்தம் உண்டு.

எனவே விளக்கம் என்பது "ஏனெனில்" என்று வரும் வாக்கியத்தில் மட்டும் இருப்பதில்லை. அட்டவணையின் தலைப்பில், படத்தின் கீழ் எழுதும் வரியில், நீங்கள் வைக்கும் குழுப் பெயரில் எல்லாம் அது ஒளிந்திருக்கும். உங்கள் அட்டவணையில் "முதிராத தேன்" என்று ஒரு குழு வைத்தால் அதுவே ஒரு விளக்கம். "எடுப்பு இடைவெளி 7 நாளோ அதற்குக் குறைவோ" என்று வைத்தால் அது நீங்கள் கண்டது.

எழுதும்போது பிடிபடுவதற்கு, பள்ளிக்கூடத்தில் படித்த தன்வினை, பிறவினை உங்களுக்கு உதவும். நீங்கள் ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதினாலும், ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரு தடவை தமிழில் சொல்லிப் பாருங்கள். "ஈரப்பதம் உயர்ந்திருந்தது" என்றால் ஒரு நிலையைச் சொல்கிறீர்கள். "ரப்பர் மதுரம் ஈரப்பதத்தை உயர்த்தியது" என்று வினை பிறவினையாக மாறிய உடனே, ஒருவரைச் செய்தவராகக் காட்டிவிட்டீர்கள். அந்த வாக்கியம் டிஸ்கஷனுக்குப் போக வேண்டியது. "ஆல்", "காரணமாக", "எனவே" வந்தாலும் அப்படித்தான்.

இந்தச் சோதனை எல்லாவற்றையும் பிடித்துவிடாது. உங்கள் இரண்டாவது வாக்கியத்தில் "20.8 சதவீதமாகக் குறைந்தது" என்று இருக்கிறதே, அது தன்வினைதான். ஆனாலும் தவறு. குறைந்தது என்றால் முன்பு கூடுதலாக இருந்து பின்பு குறைந்தது என்று பொருள். நீங்கள் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரே ஒரு தடவைதான் அளந்திருக்கிறீர்கள். எதுவும் குறைவதை நீங்கள் பார்க்கவில்லை. "குறைவாக இருந்தது" என்பதே சரி. "வெகுவாக", "வெறும்", "வியக்கத்தக்க" போன்ற அடைகளும் அதே மாதிரி. 1.8 சதவீதப் புள்ளி வித்தியாசம் வெகுவா இல்லையா என்பது தேன் புளிக்குமா, விற்குமா என்பதையெல்லாம் பொறுத்தது. அந்தப் பேச்சு டிஸ்கஷனில் வரட்டும்.

உங்கள் கேள்வியின் இன்னொரு பாதிக்கு வருகிறேன், வெறும் எண்ணை எழுதினால் என்ன புரியும் என்பது. இந்தக் கவலை நியாயமானது. விளக்கம் கூடாது என்று சொன்னதும் சிலர் எதிர்ப்பக்கம் போய், "அட்டவணை 3இல் காண்க" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதுவும் ரிசல்ட்ஸ் ஆகாது. தரவு என்ன காட்டுகிறது என்று வாயைத் திறந்து சொல்வது ரிசல்ட்ஸின் வேலை. எது பெரியது, எவ்வளவு பெரியது, எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம், எந்தப் பெட்டிகள் போக்குக்கு ஒத்துவரவில்லை என்று எல்லாம் சொல்லலாம். தரவுக்குள்ளேயே நின்று பேசும்வரை அது ரிசல்ட்ஸ். தரவைத் தாண்டி, தேனீயும் மரமும் தோட்டக்காரரும் இருக்கும் உலகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும் இடத்தில் டிஸ்கஷன் ஆரம்பிக்கிறது.

உங்கள் எண்களை வைத்து நான் எழுதினால் ரிசல்ட்ஸ் பத்தி இப்படி இருக்கும்:

"ரப்பர் தோட்டத் தேன் மாதிரிகளின் சராசரி ஈரப்பதம் 22.6 சதவீதம், திட்ட விலக்கம் 1.4, வீச்சு 20.1 முதல் 25.0 வரை. கலந்த தோட்ட மாதிரிகளின் சராசரி 20.8 சதவீதம், திட்ட விலக்கம் 1.5, வீச்சு 18.2 முதல் 23.6 வரை. சராசரிகளுக்கு இடையிலான வேறுபாடு 1.8 சதவீதப் புள்ளி. அதன் 95 சதவீத நம்பக இடைவெளி 0.9 முதல் 2.7 வரை. ரப்பர் தோட்டத்தின் 20 மாதிரிகளும், கலந்த தோட்டத்தின் 14 மாதிரிகளும் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தன. எடுப்பு இடைவெளி ரப்பர் தோட்டத்தில் 16 பெட்டிகளுக்கு 6 அல்லது 7 நாள், 4 பெட்டிகளுக்கு 10 நாளுக்கு மேல். கலந்த தோட்டத்தில் எல்லாப் பெட்டிகளுக்கும் 10 முதல் 14 நாள். ரப்பர் தோட்டத்துக்குள், முதல் வகைப் பெட்டிகளின் சராசரி ஈரப்பதம் 23.0 சதவீதம், இரண்டாம் வகையின் சராசரி 21.0 சதவீதம்."

இதில் காரணம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் படிப்பவருக்கு நிறையவே புரியும். கவனமாகப் படிப்பவர் கடைசி மூன்று வாக்கியங்களில் நின்று, "அட, இடைவெளியும் வேறாக இருக்கிறதே" என்று அவரே யோசிக்கத் தொடங்குவார். டிஸ்கஷனுக்குள் வரும்போது, நீங்கள் சொல்லும் விளக்கத்தை எடைபோட அவர் கையில் எல்லா எண்களும் இருக்கும். இப்படி எழுதியதைச் சரிபார்க்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். உங்கள் விளக்கத்தை ஏற்காத ஒருவரை மனதில் வையுங்கள். உங்களுக்கு மதுரம்தான் காரணம் என்றால், அவருக்கு அவசரமாக எடுத்ததுதான் காரணம். ரிசல்ட்ஸின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவரும் தயங்காமல் கையெழுத்துப் போடுவாரா? மேலே எழுதிய பத்தியில் போடுவார். உங்கள் பழைய பத்தியில் முதல் வரியிலேயே பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.

20 சதவீதம் என்ற எல்லையை நான் எப்படி ரிசல்ட்ஸில் கொண்டுவந்தேன் என்று கேட்கலாம். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர விதி பொதுவாகத் தேனில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. அந்த அளவுகோலை எடுத்துக்கொள்கிறேன் என்று நீங்கள் முறைகள் அத்தியாயத்திலேயே முன்கூட்டிச் சொல்லிவிட்டால், எத்தனை மாதிரி அதைத் தாண்டின என்பது வெறும் எண்ணிக்கை. ரிசல்ட்ஸில் தாராளமாக வரலாம். "எனவே ரப்பர் தேன் தரம் குறைந்தது" என்பது அந்த எண்ணிக்கையிலிருந்து நீங்கள் தாவும் தாவல். அதோடு, கலந்த தோட்டத்திலும் 14 மாதிரி அதே எல்லையைத் தாண்டியிருக்கிறது என்பதை உங்கள் பழைய பத்தி சொல்லவே இல்லை. இடைவெளி நெடுவரிசைக்கு நேர்ந்ததேதான் இங்கேயும் நேர்ந்திருக்கிறது.

முறைகள் அத்தியாயம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஈரப்பதம் அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரின் அளவீடு 20 டிகிரி செல்சியஸுக்கு ஒத்துத் திருத்தப்பட வேண்டும். உங்கள் கருவி தானே திருத்திக்கொள்ளும் வகையா என்று பாருங்கள். இல்லையென்றால், 30 டிகிரி அறையில் திருத்தாமல் எடுத்த அளவு ஈரப்பதத்தை ஏறத்தாழ 1 சதவீதப் புள்ளி கூட்டிக் காட்டும். உங்கள் வேறுபாடே 1.8 தான். எல்லா மாதிரிகளையும் ஒரே அறையில் ஒரே வெப்பநிலையில் அளந்திருந்தால் வேறுபாடு அவ்வளவாகக் கெடாது, ஆனால் 20 சதவீத எல்லையைத் தாண்டியவற்றின் எண்ணிக்கை மாறிவிடும். திருத்தியது எப்படி என்பதை முறைகளில் எழுதுங்கள். திருத்த முடியாமல் போனது ஏதாவது இருந்தால் அதன் விளைவை டிஸ்கஷனில் பேசுங்கள்.

இப்போது டிஸ்கஷன். நீங்கள் ரிசல்ட்ஸிலிருந்து எடுத்த காரணம் வீணாகப் போகவில்லை, இங்கேதான் அதற்கு இடம். ஆனால் இங்கே அது தனியாக வர முடியாது, போட்டிக்கு இன்னொரு விளக்கத்தையும் அழைத்துக்கொண்டுதான் வரவேண்டும். என் கையில் இருந்தால் ஏறக்குறைய இப்படித் தொடங்குவேன்:

"ரப்பர் தோட்டத் தேனில் ஈரப்பதம் கூடுதலாக இருந்ததற்கு இரு விளக்கங்கள் உள்ளன. ரப்பர் இலைச் சுரப்பிகளின் மதுரம் தொடக்கத்திலேயே நீர் மிகுந்ததாக இருக்கலாம். அல்லது, ரப்பர் பருவத்தில் பெட்டி வேகமாக நிறைவதால் அறைகள் மூடப்படும் முன்பே தேன் எடுக்கப்பட்டிருக்கலாம். ரப்பர் தோட்டத்துக்குள்ளேயே, இடைவெளி நீண்ட 4 பெட்டிகளின் ஈரப்பதம் கலந்த தோட்ட அளவை ஒட்டியிருந்தது இரண்டாவது விளக்கத்துக்குச் சாதகமாக உள்ளது. எனினும் அவை 4 பெட்டிகள் மட்டுமே. கலந்த தோட்டத்தில் குறுகிய இடைவெளியில் எடுத்த பெட்டி ஒன்றுகூட இல்லை. மதுரத்தின் நீரளவும், மூடிய அறைகளின் விகிதமும் இந்த ஆய்வில் அளக்கப்படவில்லை. ஆகவே இரு காரணங்களின் பங்கையும் இத்தரவைக் கொண்டு பிரிக்க இயலாது."

"இருக்கலாம்", "சாதகமாக உள்ளது" என்ற சொற்கள் இங்கே வருவதைப் பாருங்கள். ரிசல்ட்ஸ் பத்தியில் "இருக்கலாம்" ஒன்றுகூட இல்லை. 22.6 என்று அளந்ததில் "இருக்கலாம்" கிடையாது. காரணத்தில் உண்டு. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கட்டினால், அளவீட்டின் உறுதி காரணத்துக்கும் ஒட்டிக்கொள்கிறது. நாளை உங்கள் காரணம் தவறு என்று யாராவது காட்டினால், அந்தக் காரணத்தோடு கட்டிய எண்ணையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள். 40 பெட்டிக்காக நீங்கள் வெயிலில் அலைந்து அளந்த எண் அது. அதற்கு அந்தக் கதி வரக்கூடாது.

எண்ணும் விளக்கமும் தனித்தனியாக நின்றதற்கு இயற்பியலில் ஓர் அழகான எடுத்துக்காட்டு உண்டு. 1964, 65ஆம் ஆண்டுகளில் பென்சியாஸ், வில்சன் இருவரும் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு கொம்பு வடிவ ஆன்டெனாவில், எந்தத் திசையில் திருப்பினாலும் போகாத ஒரு கூடுதல் இரைச்சலை அளந்தார்கள். ஆன்டெனாவில் புறா கூடு கட்டியிருந்ததைச் சுத்தம் செய்தும் பார்த்தார்கள், இரைச்சல் போகவில்லை. 1965இல் அவர்கள் வெளியிட்ட சிறிய கட்டுரை, 4080 மெகாசைக்கிள் அதிர்வெண்ணில் ஏறத்தாழ 3.5 கெல்வின், பிழை 1 கெல்வின் வரை, என்ற அளவீட்டோடு நின்றது. அது பெருவெடிப்பின் எச்சமாக இருக்கலாம் என்ற விளக்கத்தை, அதே இதழில் வந்த டிக்கியும் அவருடைய குழுவினரும் எழுதிய வேறொரு கட்டுரைக்கு விட்டுவிட்டார்கள். விளக்கம் ஏற்கப்படாமல் போயிருந்தாலும் அந்த 3.5 அப்படியே நின்றிருக்கும். அளந்தவர்களுக்கு 1978இல் நோபல் பரிசு கிடைத்தது.

சில இதழ்களில் ரிசல்ட்ஸும் டிஸ்கஷனும் ஒரே தலைப்பின் கீழ் வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது தவறல்ல. பல சிறு சோதனைகள் ஒன்றின் விடையிலிருந்து அடுத்தது பிறப்பதாக இருந்தால், அப்படி எழுதுவதே படிக்க எளிது. ஆனால் அங்கேயும் நல்ல கட்டுரைகளில் ஒவ்வொரு பத்திக்குள்ளும் முதலில் கண்டது, பிறகு அதன் பொருள் என்ற வரிசை இருக்கும். எண் எங்கே நின்றது, எழுதியவர் கருத்து எங்கே தொடங்கியது என்று விரல் வைத்துக் காட்ட முடியும். உங்கள் கைடு தனித்தனி அத்தியாயம் கேட்கிறார் என்றால் அப்படியே செய்யுங்கள். முதல் ஆய்வேடு எழுதுபவருக்கு அதுவே நல்லது என்று நானும் நினைக்கிறேன். சேர்த்து எழுதும்போது கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

டிஸ்கஷனின் கடைசியில் அடுத்து என்ன செய்யலாம் என்று ஒரு பத்தி எழுதுவீர்கள் அல்லவா? அங்கே "மேலும் ஆய்வுகள் தேவை" என்று மொட்டையாக விடாதீர்கள். உங்கள் தரவு எந்த இடத்தில் முட்டி நிற்கிறதோ அதையே எழுதுங்கள். வரும் ஜனவரியில் ஒரே ரப்பர் தோட்டத்தில் 20 பெட்டிகளை எடுத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கிப் போட்டு 10 பெட்டியில் 7 நாளுக்கு ஒரு முறையும், 10 பெட்டியில் 12 நாளுக்கு ஒரு முறையும் தேன் எடுக்கலாம். எடுக்கும் முன் அடையில் எத்தனை பங்கு அறைகள் மூடியிருக்கின்றன என்று கண்ணால் மதிப்பிட்டுக் குறித்துக்கொள்ளலாம். மரம் ஒன்று, பருவம் ஒன்று, இடைவெளி மட்டும் வேறு. அங்கே வேறுபாடு வந்தால், சீக்கிரம் எடுத்தது ஈரப்பதத்தை உயர்த்தியது என்று டிஸ்கஷனில் பிறவினையிலேயே எழுதும் உரிமை உங்களுக்கு வந்துவிடும். தோட்டக்காரர் 12 நாள் காத்திருக்கச் சம்மதிப்பாரா என்பது தனிக் கதை. மேலே வைக்க ஒரு காலித் தட்டு கூடுதலாகக் கொடுத்தால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

இப்போதைக்கு, கைடிடம் திரும்பக் கொடுக்கும் முன் இரண்டு வேலை செய்யுங்கள். பழைய ரிசல்ட்ஸ் அத்தியாயத்தில் நீக்கும் ஒவ்வொரு காரண வாக்கியத்தையும் அழித்துவிடாமல் தனித் தாளில் வெட்டி வையுங்கள். உங்கள் டிஸ்கஷனின் முதல் வரைவு அதிலிருந்தே கிடைத்துவிடும். அப்புறம், எடுப்பு இடைவெளியை ஈரப்பதத்தோடு சேர்த்து ஒரு புள்ளிப் படமாக வரைந்து, ரப்பர் தோட்டத்துக்கு ஒரு குறியும் கலந்த தோட்டத்துக்கு இன்னொரு குறியும் வைத்து ரிசல்ட்ஸில் சேருங்கள். படத்தின் கீழே "எடுப்பு இடைவெளியும் ஈரப்பதமும், 40 பெட்டிகள்" என்று மட்டும் எழுதினால் போதும்.